பிசிஓஎஸ் இருக்கிற பெண்ணின் மளிகைப் பில்: தப்பு எங்கெங்கே நடக்கிறது

போன மாதம் என் சித்தி மகள் தன் மளிகைப் பில்லைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். "அக்கா, டாக்டர் சொன்னதுல இருந்து சிப்ஸ், கூல்டிரிங்ஸ் எல்லாத்தையும் விட்டுட்டேன், பாத்துப் பாத்து ஹெல்தியாத்தான் வாங்கறேன், அப்புறமும் ஏன் நாலு மணிக்குக் கை நடுங்கற மாதிரி பசிக்குது?" என்று கேட்டிருந்தாள். வயது 23, வேளச்சேரியில் ஒரு தோழியோடு வீடு எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறாள், பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருப்பது தெரிந்து நாலு மாதம்தான் ஆகிறது.

நான் உணவியல் படித்தவள், இந்த மாதிரி பில் நிறைய பார்த்திருக்கிறேன். அதில் இருந்தது இதுதான்: டைஜஸ்டிவ் பிஸ்கட் மூன்று பாக்கெட், மல்டிகிரெய்ன் ரஸ்க், பிரவுன் பிரெட், மசாலா ஓட்ஸ், சிறுதானிய நூடுல்ஸ், சத்துமாவு, பாலில் கலக்கும் மால்ட் பவுடர், நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ, தேன், பாக்கெட் ஜூஸ். பருப்பு என்று பார்த்தால் துவரம்பருப்பு அரைக் கிலோ மட்டும்தான். ஒரு பயறு, ஒரு கடலை கிடையாது. முட்டை ஆறு, அதுவும் இரண்டு பேருக்கு.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மற்றது எல்லாம் எளிது. பிசிஓஎஸ் இருக்கிற பெண்களில் நிறைய பேருக்கு (எல்லாருக்கும் இல்லை) உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் காது கொடுப்பதில்லை, அதனால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுகிறது, அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனை அதிகமாக்குகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, தாடையில் முடி, அடங்காத பரு எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. ஒல்லியான பெண்ணுக்கும் இது வரும். ஆகவே சாப்பாட்டில் "கொழுப்பு எவ்வளவு, கலோரி எவ்வளவு" என்பதைவிட, சாப்பிட்டது இரத்தச் சர்க்கரையை எவ்வளவு மெதுவாக ஏற்றுகிறது என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. வேகமாக ஏறுவது பலருக்கு வேகமாகவே இறங்கும், அப்போதுதான் அந்த நாலு மணிப் பசி வருகிறது.

சரி, முதல் தவறு: பாக்கெட்டின் முன்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது. முன்பக்கம் விளம்பரம். பின்பக்கத்தில் பொருட்பட்டியல் இருக்கும், அதில் எது அதிக எடையோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அவளை வீடியோ காலில் கூப்பிட்டு அந்த டைஜஸ்டிவ் பாக்கெட்டைத் திருப்பச் சொன்னேன். முதல் பெயர் மைதா, அடுத்தது எண்ணெய், பிறகு சர்க்கரை, நாலாவதாகத்தான் கோதுமை மாவு, கொஞ்சம் தள்ளி இன்னொரு சர்க்கரைப் பாகு. அதாவது ஒரே சர்க்கரை இரண்டு பெயரில் வருகிறது. லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் வேகமாக ஏறுகிற சரக்குதான். 100 கிராமுக்குச் சர்க்கரை 16 கிராம் என்று போட்டிருந்தது. அவள் மாலையில் சாப்பிடுவது நாலு பிஸ்கட், கிட்டத்தட்ட 50 கிராம், அப்படியென்றால் 8 கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, கூடவே மைதா. நாலு கிராம் ஒரு டீஸ்பூன் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடையில் நின்றபடியே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் "ஒரு பரிமாறும் அளவுக்கு" என்று இருக்கிற எண்ணைப் பார்க்காதீர்கள், அதில் இரண்டு பிஸ்கட்டைத்தான் ஒரு அளவு என்று வைத்திருப்பார்கள். 100 கிராமுக்கான எண்ணை எடுத்து நீங்கள் உண்மையில் சாப்பிடுவதோடு பெருக்குங்கள்.

சிறுதானிய நூடுல்ஸும் இதே கதை. கம்பு 8% என்று பின்னால் சின்ன எழுத்தில் இருந்தது, மீதி பெரும்பாலும் மைதா. பிரவுன் பிரெட்டின் நிறம் தவிட்டிலிருந்துதான் வந்தது என்று நினைக்க வேண்டாம், பட்டியலில் கேரமல் நிறம் 150 என்று இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்வது: சிறுதானியம் என்று பெயர் இருந்தால் போதும் என்று நினைப்பது. தானியத்தின் பெயரைவிட அது எந்த உருவத்தில் வயிற்றுக்குள் போகிறது என்பது முக்கியம். கேழ்வரகை வறுத்து நைசாக அரைத்து, தண்ணியாகக் காய்ச்சி, நாட்டுச்சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கஞ்சியாகக் குடித்தால், மென்று தின்ன வேலையே இல்லை, குடலுக்கும் வேலை குறைவு, சட்டென்று ஏறிவிடும். அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து கெட்டியாக அடை தட்டி, ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைக் குழம்போ வைத்துச் சாப்பிட்டால் கதை வேறு. சித்தி மகள் காலையில் சத்துமாவுக் கஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் போகிறாள், பதினொரு மணிக்கே பசிக்கிறது, கேன்டீனில் பன் வாங்குகிறாள். கஞ்சி கெட்டது என்று சொல்லவில்லை. அதை மட்டும் காலைச் சாப்பாடு ஆக்கியதுதான் தப்பு.

தினை, சாமை, வரகு, குதிரைவாலி வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். இவற்றுக்கு வெளி உமி கட்டாயம் நீக்கித்தான் ஆக வேண்டும், அதன் பிறகும் பாலிஷ் போட்டால் தவிடு போய்விடும். பளபளவென்று வெள்ளையாக, ஒரே சீராக இருந்தால் பாலிஷ் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தவிடு இருப்பது கொஞ்சம் மங்கலாக, பழுப்போ பச்சையோ கலந்து தெரியும், கையில் எடுத்துத் தேய்த்தால் லேசாக மாவு ஒட்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், ஆகவே மாதத்துக்கு அரைக் கிலோ மட்டும் வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். மோந்து பார்த்து வாடை வந்தால் வேண்டாம்.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மணம் உண்டு, ருசி உண்டு, ஆனால் உடம்புக்கு அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். வெள்ளைச் சர்க்கரை ஒரு ஸ்பூன் போட்ட இடத்தில் "இது நல்லது" என்று மூன்று ஸ்பூன் போடுவதுதான் ஆபத்து. பாக்கெட் ஜூஸுக்கும் அதே பதில், ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துத் தின்னுங்கள்.

மூன்றாவது, பயந்துபோய் எதையெல்லாமோ நிறுத்துவது. இவள் சோற்றையும் பாலையும் நிறுத்தியிருந்தாள், யாரோ கோதுமையையும் நிறுத்தச் சொன்னார்களாம். பிசிஓஎஸ்ஸுக்கு இந்த ஒரு உணவுமுறைதான் சிறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றுதான் 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. சோற்றை நிறுத்த வேண்டியதில்லை, பச்சரிசிக்குப் பதில் புழுங்கலரிசி வாங்குங்கள், முடிந்தால் தவிடு நீக்காதது. தட்டில் சோறு கால்வாசி, பயறோ முட்டையோ மீனோ கால்வாசி, மீதி பாதி காய் என்று இருந்தால் போதும். பாலும் முட்டையும் இவளுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. உடம்பு இன்சுலினுக்குக் காது கொடுக்க உதவுகிற மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாள், அதை நீண்ட நாள் சாப்பிட்டால் பி12 குறையலாம், பி12 நமக்குக் கிடைப்பதே பால், முட்டை, மீன், இறைச்சியிலிருந்துதான். நாக்கு எரிச்சல், கால் மதமதப்பு, காரணமில்லாத சோர்வு இருந்தால் டாக்டரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம்.

இப்போது அவள் பில்லை எப்படி மாற்றினோம் என்று சொல்கிறேன். பிஸ்கட், ரஸ்க், நூடுல்ஸ், மால்ட் பவுடர், ஜூஸ், தேன் எல்லாம் போயிற்று. அந்தப் பணத்தில் கருப்புக் கொண்டைக்கடலை ஒரு கிலோ, பச்சைப்பயறு ஒரு கிலோ, தட்டைப்பயறு அரைக் கிலோ, தோல் போகாத வறுகடலை அரைக் கிலோ, பச்சை நிலக்கடலை அரைக் கிலோ, முட்டை முப்பது. மசாலா ஓட்ஸுக்குப் பதில் எதுவும் சேர்க்காத ஓட்ஸ். சியா, ஆளி என்று விலை உயர்ந்த விதைகளை வாங்கலாமா என்று கேட்டாள். வாங்கலாம், ஆனால் கடலையும் பயறும் வாங்கி முடித்த பிறகு.

மாலைப் பசிக்குத்தான் அதிகம் யோசித்தோம். ஞாயிறு ராத்திரி 300 கிராம் கொண்டைக்கடலையை ஊறப்போட்டு, காலையில் உப்புப் போட்டு ஆறு விசில் வைத்து, நீரை வடித்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறாள், மூன்று நாளைக்கு ஆகும். அலுவலகம் கிளம்பும்போது ஒரு கிண்ணம் எடுத்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மாங்காய் துருவிப் போட்டுக் கொண்டு போகிறாள். வேக வைக்க நேரமில்லாத நாளில் வறுகடலை ஒரு கைப்பிடி, நிலக்கடலை ஒரு கைப்பிடி, இரண்டும் மேஜை டிராயரிலேயே இருக்கும், முன்பு பிஸ்கட் இருந்த அதே இடத்தில். முதல் வாரம் வயிறு உப்புசமாக இருந்தது, பயறு பழகாத வயிற்றுக்கு அப்படித்தான் இருக்கும், அளவைப் பாதியாக்கி, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைக்கச் சொன்னேன், சரியாயிற்று.

பலன் தெரிகிறதா என்று எடை மெஷினைப் பார்க்க வேண்டாம் என்றேன். சாப்பிட்ட நேரத்தையும் அடுத்துப் பசித்த நேரத்தையும் மட்டும் ஒரு வாரம் போனில் குறித்து வைக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் பசித்தால் அந்த வேளையில் பயறோ முட்டையோ குறைவு என்று பொருள், அதை மட்டும் சரி செய்தால் போதும். மூன்றாவது வாரம் அவள் குறிப்பில் காலைப் பசி ஒரு மணிக்குப் போயிருந்தது. மாதவிடாய் சுழற்சி மாறுகிறதா என்று பார்க்கக் குறைந்தது மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், அதனால் அதைப் பற்றி இப்போது நாங்கள் பேசுவதில்லை.

நேற்று கூப்பிட்டு, தினமும் சுண்டல் அலுத்துவிட்டது, காலைக்கு வேறு ஏதாவது சொல்லு என்றாள். அடை செய்யச் சொல்லியிருக்கிறேன். புழுங்கலரிசி ஒரு கப், கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பச்சைப்பயறு மூன்றும் சேர்ந்து ஒரு கப், காய்ந்த மிளகாய் நாலு, மூன்று மணி நேரம் ஊற வைத்து ரவைப் பதத்துக்குக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும், நைசாக ஓட்டிவிடக் கூடாது. முருங்கைக்கீரையை உருவி கை நிறைய அள்ளிப் போட்டு, நல்லெண்ணெய் விட்டு மெதுவான தீயில் வேக வைக்கணும். மாவு இரண்டு நாள் ஃபிரிட்ஜில் நிற்கும்.