போன் மாறினால் பழைய ஜிமெயிலை விடாதீர்கள்

டவுன்ஹால் ரோட்டில் அம்மாவுக்குப் புது போன் வாங்குகிறோம். கடைக்காரர் அவசரத்தில் புது ஜிமெயில் ஒன்றைத் திறந்து கொடுத்துவிடுகிறார். அன்றிரவே மகனின் போனில் சிக்கல்: ஆப் இறக்க அனுமதி கேட்டால் யாருக்கும் வருவதில்லை, நேரக் கட்டுப்பாடு மட்டும் அப்படியே நிற்கிறது.

காரணம், பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் இணைந்திருப்பது அம்மாவின் போனோடு அல்ல, பழைய ஜிமெயிலோடு. புது போனில் அந்தக் கணக்கையும் சேர்த்து, ஃபேமிலி லிங்க் ஆப்பை அந்தக் கணக்கில் திறந்தால் போதும். familylink.google.com தளத்திலும் நுழையலாம்.

பாஸ்வேர்ட் மறந்திருந்தால் மீட்புக் குறியீடு பழைய எண்ணுக்கே வரக்கூடும். அதனால் சிம்மையும் மாற்றுவதென்றால், முதலில் கணக்கில் மீட்பு எண்ணை மாற்றிவிடுங்கள். அப்பாவையும் கூகுள் குடும்பக் குழுவில் சேர்த்துப் பெற்றோர் உரிமை கொடுத்து வைத்தால், அம்மாவின் கணக்கு கைவிட்டுப் போனாலும் அப்பா தன் போனிலிருந்தே அனுமதி தரலாம்.