வேலையை விட்டுப் போகும்போது தானியங்கிப் பதிவுகள் நிற்காமலிருக்க

நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிக்கும் என் வேலைக்கு அடுத்து வருபவருக்கு நான் எழுதி வைத்த கடிதத்திலிருந்து முக்கியமான பகுதி இது:

"காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் போகும் பதிவுகள் ஷெட்யூலிங் டூலில் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அந்த டூல் நம் ஃபேஸ்புக் பக்கத்துக்குள் நுழைவது என் சொந்தக் கணக்கு கொடுத்த அனுமதியில்தான். என்னைப் பக்கத்திலிருந்து நீக்கினாலோ, நான் பாஸ்வேர்டை மாற்றினாலோ அந்த அனுமதி செத்துவிடும். வரிசை அப்படியே இருக்கும், பதிவு மட்டும் போகாது.

அதனால் முதலில் மெட்டா பிசினஸ் சூட்டில் உங்களுக்கு முழு அனுமதி தருகிறேன். அப்புறம் டூலில் உங்கள் கணக்கு வழியாகப் பக்கத்தையும் இன்ஸ்டாகிராமையும் மறுபடி இணையுங்கள். 15 நிமிடம் கழித்துப் போகும்படி ஒரு சோதனைப் பதிவை வரிசையில் போட்டு, அது பக்கத்தில் வந்ததா என்று கண்ணால் பாருங்கள். அதன் பிறகே என்னை நீக்குங்கள்.

பதிவு தவறினால் வரும் எச்சரிக்கை மெயில் இன்னும் என் முகவரிக்கே போகிறது. அதையும் மாற்றிவிடுங்கள்."

இந்தக் கடைசி வரி பட்டுத் தெரிந்துகொண்டது. முந்தைய வேலையில் நான் கிளம்பிய மறுநாளே பதிவுகள் நின்றுபோயின. எச்சரிக்கைகளோ மூடப்பட்ட என் பழைய மெயிலுக்குப் போனதால் ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை.

இன்னொன்று: ஊரில் பெரிய துக்கச் செய்தி வந்த நேரத்திலும் வரிசையில் உள்ள ஆஃபர் பதிவு தானாகப் போய்விடும். வரிசையை நிறுத்தும் பட்டன் எங்கே இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு காட்டிவிட்டேன்.