சதுரக் கழுத்துக்கு பார்டர் வைக்கும்போது மூலையை 45 டிகிரியில் சேர்ப்பது எப்படி

சதுரக் கழுத்து தைக்கும் பலர் மூலைக்கு வந்ததும் ஒரு பட்டியின் மேல் இன்னொரு பட்டியை ஏற்றி, முனையை உள்ளே மடித்து, மேலே ஒரு தையல் போட்டு முடித்துவிடுகிறார்கள். தைத்த அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் நாலைந்து அடுக்கு துணி சேர்ந்து தடிப்பாகிவிடும், பார்டரின் கோடும் மூலையில் அறுந்து நிற்கும். இரண்டு பட்டிகளும் போட்டோ ஃப்ரேம் மூலை மாதிரி சாய்வாகச் சந்தித்தால் தடிப்பும் இருக்காது, ஜரிகைக் கோடும் அப்படியே திரும்பிப் போகும். இதைத்தான் மைட்டர் கார்னர் என்கிறோம்.

முன்பக்கக் கழுத்து ஒன்றை அளவுகளோடு முழுசாகத் தைத்துப் பார்க்கலாம். தைத்து முடித்த கழுத்து 6 இன்ச் அகலம், 5 இன்ச் ஆழம். பார்டர் வெளியே ஒன்றேகால் இன்ச் தெரிய வேண்டும். எல்லா இடத்திலும் தையலுக்குக் கால் இன்ச், தோள்பட்டையில் மட்டும் அரை இன்ச்.

வெட்டுதல்

முன்பக்கத் துணியில் கழுத்தை ஐந்தரை இன்ச் அகலத்துக்கு வெட்டுங்கள். இரண்டு பக்கமும் கால் இன்ச் தையலுக்குள் போனால் 6 வந்துவிடும். ஆழத்தை வெட்டிய தோள் விளிம்பிலிருந்து ஐந்தேகால் இன்ச் வையுங்கள்.

பார்டர் பட்டிகள் மூன்று. எல்லாமே ஒன்றேமுக்கால் இன்ச் அகலம். அடிப்பட்டி 10 இன்ச் நீளம், பக்கப்பட்டிகள் ஒவ்வொன்றும் ஏழரை இன்ச். புடவையிலிருந்து எடுத்த பார்டர் என்றால் வெட்டும் முன்னால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். பார்டரில் ஜரிகை தடிமனாக இருக்கும் ஓரம் ஒன்று இருக்கும். அது கழுத்தை ஒட்டி வர வேண்டுமா, வெளியே வர வேண்டுமா என்று முதலிலேயே தீர்மானித்து, மூன்று பட்டியிலும் உள் ஓரம் எது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள். நான் இதைக் குறிக்காமல் வெட்டி, இடது பக்கப் பட்டியும் வலது பக்கப் பட்டியும் ஒரே கைக்கு வந்து, ஒரு பட்டியை வீணாக்கியிருக்கிறேன். பக்கப்பட்டிகள் இரண்டும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி எதிரெதிராக இருக்க வேண்டும்.

புள்ளி குறித்தல்

நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பட்டிகளை உள்பக்கம் மேலே தெரிய விரித்து, உள் ஓரத்திலிருந்து கால் இன்ச் தள்ளி நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கழுத்துத் தையல் இந்தக் கோட்டில்தான் ஓடும்.

அடிப்பட்டியில் நடுவைக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டில் நடுவிலிருந்து இரு பக்கமும் 3 இன்ச் அளந்து ஒவ்வொரு புள்ளி வையுங்கள். பக்கப்பட்டியில் மேல் முனையிலிருந்து, அதாவது தோள் பக்கத்திலிருந்து, ஐந்தரை இன்ச் அளந்து ஒரு புள்ளி. இப்போது ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வெளி ஓரத்தை நோக்கி 45 டிகிரியில் ஒரு கோடு இழுக்க வேண்டும். அதற்கு ஒரு சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் போதும், அந்த மடிப்பு ஓரம்தான் 45 டிகிரி. கோடு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் குழப்பம் வரும். பட்டியின் வெளி ஓரம் எப்போதும் உள் ஓரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடிப்பட்டியில் சரியாகப் போட்டிருந்தால், நடுவிலிருந்து கோடு தொடும் இடம் வரை வெளி ஓரம் நாலரை இன்ச் இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நாலரை வரவில்லை என்றால் சாய்வு தவறு, தைக்கும் முன்பே திருத்திவிடலாம்.

மூலைகளைச் சேர்த்தல்

அடிப்பட்டியின் மேல் பக்கப்பட்டியை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டியிருக்கும்படி வையுங்கள். ஒரு குண்டூசியை மேல் பட்டியின் புள்ளியில் செங்குத்தாகக் குத்தினால் அது கீழ்ப் பட்டியின் புள்ளியில் சரியாக வெளியே வர வேண்டும். சாய்வுக் கோட்டின் மறு முனையிலும் அதேபோல ஒரு குண்டூசி.

புள்ளியில் ஊசியை இறக்கி, அங்கேயே இரண்டு தையல் முன்னும் பின்னும் போட்டு, வெளி ஓரம் வரை கோட்டின் மேல் தைத்துப் போங்கள். புள்ளிக்கு அந்தப் பக்கம், உள் ஓரத்தின் கால் இன்ச்சுக்குள் ஒரு தையல்கூட விழக்கூடாது. அந்தக் கால் இன்ச் திறந்திருந்தால்தான் பிறகு கழுத்தில் வைத்துத் தைக்கும்போது பட்டி மூலையில் தாராளமாகத் திரும்பும். துணியை இழுக்காமல் தையுங்கள். 45 டிகிரி என்பது துணியின் குறுக்கு வாட்டம், அது ரப்பர் போல நீளும். இழுத்துத் தைத்த மூலை பிறகு எவ்வளவு அயர்ன் செய்தாலும் அலை அலையாகவே நிற்கும்.

இரண்டு மூலையும் முடிந்ததும் மிச்சத் துணியைக் கால் இன்ச் விட்டு வெட்டி, தையலுக்கு உள்ளே இருக்கும் துணியை இரு பக்கமும் விரித்து அயர்ன் செய்யுங்கள். ஜரிகை என்றால் மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்ப்பது நல்லது. இப்போது கையில் மூன்று பக்க ஃப்ரேம் ஒன்று இருக்கும். அதன் வெளி ஓரத்தைக் கால் இன்ச் உள்ளே மடித்து அயர்ன் செய்யுங்கள். மூலையில் முதலில் முனையைக் குறுக்காக மடித்துவிட்டு அப்புறம் இரண்டு பக்கத்தையும் மடித்தால் கூர்மையாக வரும்.

கழுத்தில் வைத்துத் தைத்தல்

முன்பக்கத் துணியின் கழுத்து மூலைகளில் ஒரு இன்ச் சதுர ஃபியூசிங் ஒட்டுங்கள். துணியின் நல்ல பக்கத்தில் ஒட்டலாம், மேலே பார்டர் வந்து மூடிவிடும். மூலையில் கத்தரி வைக்கும்போது பிசிறு பிரிந்து ஓட்டை விழாமல் இது பிடித்துக்கொள்ளும்.

துணியை உள்பக்கம் மேலே இருக்க விரித்து, அதன் மேல் ஃப்ரேமின் நல்ல பக்கம் படும்படி வைத்து, கழுத்து விளிம்புகளைச் சேர்த்துக் குண்டூசி குத்துங்கள். நல்ல பக்கத்தில் அல்லவா வைக்க வேண்டும் என்று தோன்றும். இல்லை. உள்ளே தைத்து வெளியே திருப்பினால்தான் பார்டர் வெளியில் வரும்.

ஃப்ரேம் மேலே தெரிகிற மாதிரி மெஷினில் வைத்து, தோளிலிருந்து கால் இன்ச் கோட்டில் தைத்து வாருங்கள். மூலைக்கு ஒரு இன்ச் முன்னால் தையல் நீளத்தை ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊசி சரியாக மைட்டர் தையல் தொடங்கும் புள்ளிக்கு வர வேண்டும். கடைசி இரண்டு மூன்று தையலுக்குச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அது சுலபம். ஊசியைத் துணிக்குள் இறக்கியே வைத்து, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, ஃபுட்டை இறக்கி, அடுத்த பக்கத்தைத் தையுங்கள். திருப்பிய பிறகும் ஒரு இன்ச் வரை சின்னத் தையலே.

அடுத்து கத்தரி. முனை கூரான சின்னக் கத்தரியால், துணியின் மூலையிலிருந்து தையலின் மூலையை நோக்கிக் குறுக்காக வெட்டுங்கள். தையலுக்கு ஒன்று இரண்டு நூலிழை இருக்கும்போது நிறுத்துங்கள். முதல்முறை தைப்பவர்கள் பயந்து பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். ஃப்ரேமை வெளியே திருப்பியதும் மூலையில் ஒரு சுருக்கம் குறுக்காக இழுத்துக்கொண்டு நின்றது. அயர்ன் கோளாறு என்று நினைத்து அரை மணி நேரம் தேய்த்தேன். மறுபடி உள்ளே திருப்பி இன்னும் நாலு இழை வெட்டியதும் அதே சுருக்கம் சட்டென்று விரிந்துவிட்டது. மூலையில் சுருக்கம் இருந்தால் வெட்டு போதவில்லை. நூல் பிரிந்து ஓட்டை தெரிந்தால் வெட்டு மீறிவிட்டது. அப்போது தையலை அரைக்கால் இன்ச் வெளியே தள்ளி மறுபடி போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் கழுத்து அந்த அளவுக்குப் பெரிதாகும், பக்கத்திலும் அதே அளவு தள்ள வேண்டியிருக்கும்.

ஃப்ரேமை வெளியே திருப்பி, கழுத்து விளிம்பை விரலால் உருட்டித் தையல் ஓரத்துக்கு வரவைத்து அயர்ன் செய்யுங்கள். பிறகு உள் ஓரத்தில் ஒரு தையல், மடித்து வைத்த வெளி ஓரத்தில் ஒரு தையல். சாய்வுக் கோடு கழுத்தின் மூலையில் தொடங்கி பார்டரின் மூலையில் முடிய வேண்டும். அது தள்ளி நின்றால் திருப்பிய இடத்தில் ஊசி புள்ளியைத் தவறவிட்டிருக்கிறது. அந்த மூலையில் மட்டும் இரண்டு இன்ச் பிரித்துத் தைத்தால் போதும்.

புடவை, துப்பட்டா ஓரத்துக்கு

புடவையின் நீள ஓரங்கள் நெய்யும்போதே முடிந்துவிடுவதால் அங்கே மைட்டர் தேவைப்படாது. மீட்டர் துணி வாங்கி நாலு பக்கமும் மடித்துத் தைக்கும் புடவைக்கும் துப்பட்டாவுக்கும்தான் இது வேண்டும். முக்கியமாக ஆர்கன்ஸா மாதிரி ஊடே தெரியும் துணியில், மூலையில் ஏறிய அடுக்குகள் கறுத்த சதுரமாகத் தெரியும்.

முதல் மடிப்பு கால் இன்ச், இரண்டாவது மடிப்பு அரை இன்ச் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் இரண்டு மடிப்பையும் அயர்ன் செய்துவிட்டு, இரண்டாவதை மட்டும் பிரித்துவிடுங்கள். கால் இன்ச் மடிப்பு மடித்தபடியே இருக்கட்டும். இப்போது மூலை முனையிலிருந்து இரு ஓரத்திலும் 1 இன்ச் அளந்து புள்ளி வையுங்கள். மடிப்பு அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, அதுதான் கணக்கு. இரண்டு புள்ளியையும் ஒரு கோட்டால் சேர்த்தால், அரை இன்ச் மடிப்புத் தழும்புகள் வெட்டிக்கொள்ளும் இடத்தின் வழியாக அது போக வேண்டும். போனால் அளவு சரி. நல்ல பக்கம் உள்ளே இருக்க மூலையைக் குறுக்காக மடித்து, இரு புள்ளிகளையும் ஒன்றாக்கி, கோட்டில் தைத்து, அரைக்கால் இன்ச் விட்டு முனையை வெட்டித் திருப்புங்கள். மூலை தானாகவே சாய்வுக் கோட்டோடு வந்து நிற்கும்.

குர்த்தியின் பக்கத் திறப்பில் இரண்டு மடிப்பும் ஒரே அகலமாக இருக்காது. திறப்பு அரை இன்ச், அடி மடிப்பு ஒரு இன்ச் என்றால் அளவு இடம் மாறும். திறப்பு ஓரத்தில் 2 இன்ச், அடி ஓரத்தில் 1 இன்ச் குறியுங்கள். அதாவது ஒவ்வொரு ஓரத்திலும் அடுத்த ஓரத்தின் மடிப்பைப்போல் இரண்டு மடங்கு. கோடு 45 டிகிரியில் இருக்காது, ஆனால் மடிப்புத் தழும்புகள் வெட்டும் இடத்தின் வழியாகவேதான் போகும்.

ஜார்ஜெட், ஷிஃபான் துணியில் கால் இன்ச்சுக்கும் குறைவான மெல்லிய மடிப்பு என்றால் மைட்டர் வேண்டாம். அவ்வளவு சின்ன இடத்தில் வெட்டிய முனை இரண்டு துவைப்பில் பிரிந்து வந்துவிடும். அங்கே நேராக மடித்துக் கையால் நாலு தையல் போடுவதே மேல்.