பதினோராவது ஃபிஷ் ஃபைண்டருக்குப் பிறகு ஏன் யாரும் வாங்கவில்லை?

என் மச்சான் திருகோணமலையில் படகு எஞ்சின் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். போன வருடம் மார்ச்சில் சின்ன ஃபிஷ் ஃபைண்டர் கொஞ்சம் எடுத்துப் போட்டார். உள்ளங்கை அளவுத் திரை, வயரில் ஒரு சென்சர். சென்சர் கடலுக்குள் ஒலியை அனுப்பும். அடியில் பட்டுத் திரும்பும் ஒலியை வைத்து ஆழம் எவ்வளவு, கீழே மணலா, பாறைத்திட்டான பாரா, நடுவில் மீன் நிற்கிறதா என்று திரை காட்டும். மே முடிவதற்குள் 11 விற்றுவிட்டது. மச்சான் சந்தோஷத்தில் இன்னும் 40க்கு ஓடர் கொடுத்தார். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை விற்றது ஒன்றே ஒன்று. வாடைக்காலம் என்றால் கடல் மூடிவிட்டது என்று சொல்லலாம். இது கடல் நன்றாக இருந்த நான்கு மாதம்.

புதுப் பொருள் விற்கும் நிறையப் பேர் வந்து முட்டும் இடம் இதுதான். அவர்கள் செய்கிற தவறுகளை இந்தக் கடையை வைத்தே சொல்கிறேன்.

முதல் தவறு கணக்கில். புதுமை எப்படிப் பரவுகிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ் 1962இல் ஒரு சட்டகமாக வகுத்தார். ஒரு பொருளை ஏற்றுக்கொள்ளப்போகும் எல்லோரையும் ஏற்ற காலப்படி வரிசைப்படுத்தினால் முதல் 2.5 சதவீதம் துணிந்து இறங்குபவர்கள். அடுத்த 13.5 சதவீதம் முன்கூட்டியே ஏற்பவர்கள். அதற்குப் பின்னால்தான் 34, 34 என்று இரண்டு பெரும்பான்மைப் பகுதிகள் வரும். கடைசி 16 தாமதமாக வருபவர்கள். முதல் இரண்டையும் கூட்டினால் 16 சதவீதம். தொழில்நுட்பச் சந்தை பற்றி எழுதும் ஜெஃப்ரி மூர் 1991இல் இந்த 16க்கும் பெரும்பான்மைக்கும் நடுவில்தான் பெரிய பள்ளம் இருக்கிறது, பல தொழில்நுட்பப் பொருட்கள் அதில்தான் விழுந்துவிடுகின்றன என்றார்.

மச்சான் என்ன நினைத்தார்? “என் கடைக்கு 300 படகுக்காரர் வருகினம். 11 என்றால் 4 சதவீதம்கூட இல்லை. இன்னும் நிறைய இடம் கிடக்கு.” ஆனால் அந்த 300இல் யாருக்கு இந்தக் கருவி பயன்படும்? கரைவலைக்காரருக்கு இதில் வேலையே இல்லை. சூடைக்கு வலை போடுபவர் தண்ணீரின் நிறத்தையும் பறவையையும் பார்த்துப் போகிறவர், அவருக்கும் பெரிதாக உதவாது. பாரில் நங்கூரம் போட்டுத் தூண்டிலில் கலவாய், விளைமீன் பிடிப்பவர்களுக்குத்தான் அது பலன். அப்படிப்பட்டவர்களை இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். ஏறக்குறைய 80 படகு. 80இல் 16 சதவீதம் 13. அதாவது 11 விற்ற அன்றே முதல் கூட்டம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. வகுக்கும் எண்ணைப் பெரிதாகப் போட்டால் விளிம்பில் நிற்பது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது தவறு சாட்சியைத் தேர்ந்தெடுப்பதில். என் பார்வையில் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முதலில் வாங்கியவர்களில் ஒருவர் உல்லாசப் பயணிகளைப் புறாத்தீவுக்கு ஏற்றிப்போகும் தம்பி. புதுக் கருவி எது வந்தாலும் முதல் ஆளாக வாங்குவார், நன்றாகப் பேசுவார். மச்சான் கடைக்கு வருபவர்களிடமெல்லாம் அவரைத்தான் உதாரணம் காட்டினார். ஒருநாள் கரையில் தூண்டில் முடிந்துகொண்டிருந்த ஒரு ஐயாவிடம் நானும் அவர் பெயரைச் சொன்னேன். அவர் கையை நிறுத்தாமலே, “தம்பி, அவர் வெள்ளைக்காரரை ஏத்திப் போறவர். மீன் படாட்டியும் அவருக்குச் சோறு இருக்கு” என்றார்.

அந்த ஒரு வரியில் முழு விஷயமும் இருக்கிறது. முன்கூட்டியே வாங்குபவர் புதியதால் கிடைக்கக்கூடிய பலனைப் பார்த்து வாங்குகிறார். பெரும்பான்மை ஆள், தன்னைப் போலவே கடன் வாங்கி எண்ணெய் அடித்துக் கடலுக்குப் போகிற இன்னொருவருக்கு அது வேலை செய்ததா என்று கேட்கிறார். சமூகவியலாளர்களான பிரைஸ் ரையனும் நீல் கிராஸும் அமெரிக்காவின் அயோவாவில் கலப்பின மக்காச்சோள விதை பரவியதை ஆராய்ந்து 1943இல் எழுதியதில் இது அப்படியே இருக்கிறது. அவர்கள் விசாரித்த 259 விவசாயிகளில் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் 1928க்கும் 1941க்கும் இடையில் அந்த விதைக்கு மாறினார்கள். விதையைப் பற்றிப் பெரும்பாலும் முதலில் சொன்னவர் விற்பனையாளர். மாறவைத்ததில் அயலவரின் பேச்சுக்குத்தான் பலம் அதிகம்.

கடலில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. அயல்வயலில் கதிர் உயர்ந்தால் ரோட்டில் போகிறவருக்குத் தெரியும். ஃபிஷ் ஃபைண்டரால் புதுப் பார் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதை யாரிடமும் சொல்லமாட்டார், சொன்னால் அடுத்த நாள் ஐந்து படகு அங்கே நிற்கும். எனவே இந்தப் பொருளின் பலன் தானாக வெளியே தெரியாது. வாய்வழியாகப் பரவும் என்று காத்திருப்பது இங்கே வீண்.

மூன்றாவது, பாதிப் பொருளை விற்பது. முதல் 11 பேரும் குறையைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். சென்சரைப் பின்பலகையில் எஞ்சினுக்குப் பக்கத்தில் பூட்டினால் விசிறி கிளப்பும் குமிழி அதை மறைத்துவிடும், ஓடும்போது திரை முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும். ஒருவர் சென்சரைத் தள்ளிப் பூட்டிச் சரிசெய்தார், இன்னொருவர் ஒரு குழாயில் கட்டி ஓரத்தில் இறக்கிப் பார்த்தார். பன்னிரண்டாவதாக வாங்கியவர் அந்தக் கிறுக்கலைப் பார்த்துவிட்டுப் “பழுதுச் சாமான்” என்று திருப்பிக் கொண்டுவந்தார். கருவியில் பழுது இல்லை. அது மட்டுமா? எங்கள் படகுகளை மணலில் இழுத்து ஏற்றுகிறோம். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சென்சர் உராய்ந்து உடையும். இதற்கு 12 வோல்ட் பற்றரி வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் பல சின்ன எஞ்சின்களில் அதை சார்ஜ் செய்ய வழி இல்லை, வீட்டுக்குத் தூக்கிப்போக வேண்டும். மெனு முழுக்க ஆங்கிலம். பெரும்பான்மை ஆளுக்குப் பொருள் என்பது திரை மட்டும் இல்லை. கழற்றி மாட்டும் தாங்கி, பற்றரிப் பெட்டி, பூட்டித் தரும் கை, இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பு எல்லாம் சேர்ந்தால்தான் அவருக்கு அது ஒரு பொருள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். விற்பனை நின்றதும் “பள்ளத்தில் விழுந்துவிட்டோம்” என்று உடனே முடிவு கட்டுவதும் தவறுதான். ரோஜர்ஸே அப்படி ஒரு பள்ளம் ஆய்வுகளில் தெரியவில்லை என்று பின்னாளில் எழுதினார். அவருடைய பிரிவுகள் ஒரு தொடர் வளைவில் சராசரியையும் நியமவிலகலையும் வைத்துப் போட்ட வெட்டுகள். வளைவு முடிந்த பிறகு வெட்டுவது எளிது, நடுவில் நிற்பவருக்கு 16 எங்கே என்று தெரியாது. விலை கூடியதால் நின்றிருக்கலாம், பொருளே சரியில்லாமலும் இருக்கலாம். பிரித்துப் பார்க்க ஒரு கொப்பி போதும். வாங்கியவர் ஒவ்வொருவரிடமும் “யார் சொல்லி வந்தீங்கள்?” என்று கேட்டு எழுதுங்கள். மச்சானின் முதல் 11 பேரில் 9 பேர் தாங்களே யூடியூப்பில் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒரு மீனவர் இன்னொரு மீனவரை அனுப்பிய வரி அந்தக் கொப்பியில் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் மச்சான் விளம்பரத்தை நிறுத்தினார். எல்லாக் கரைக்கும் போகாமல் ஒரே ஒரு கரையைப் பிடித்தார், அந்த ஐயாவின் கரையை. கழற்றி மாட்டும் தாங்கியோடு ஒரு செட்டை இரண்டு கிழமைக்குக் காசில்லாமல் அவரிடம் கொடுத்து, முதல் நாள் தானும் படகில் போனார். ஐயா புதுப் பார் எதையும் தேடவில்லை. தனக்குத் தெரிந்த பழைய பாருக்கு மேலே போய் நின்று, திரை சொல்லும் ஆழத்தையும் தன் தூண்டில் கயிறு சொல்லும் ஆழத்தையும் மூன்று தரம் ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டாவது கிழமை முடிவில் காசைக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் அதே கரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கொப்பியில் மூன்று வரியிலும் ஐயாவின் பெயர்தான். மற்றக் கரைகளிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை.