நிறுவனம் தரும் வட்டியில்லாக் கடன்: சம்பளத்தோடு சேரும் வருமான வரிக் கணக்கைப் போடும் முறை

வேலை பார்க்கும் நிறுவனமே கார் வாங்கவோ வீடு கட்டவோ வட்டியில்லாமல், அல்லது வெளியில் கிடைக்காத குறைந்த வட்டியில் கடன் கொடுத்தால், அதனால் மிச்சமாகும் வட்டியை இந்திய வருமான வரிச் சட்டம் சம்பளத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறது. கடன் தொகைக்கு வரி இல்லை. கொடுக்காமல் விட்ட வட்டிக்குத்தான் வரி. இதைப் பெர்க்விசிட் என்றும் சலுகை மதிப்பு என்றும் சம்பளப் பிரிவில் சொல்வார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17(2) பிரிவும், 1962ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 3(7) விதியும் இதற்கு அடிப்படை. இங்கே 2025-26 நிதியாண்டுக்கான கணக்கைப் பார்ப்போம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்குப் புதிய விதிகளில் உள்ள வரம்புகளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: உங்கள் கடன் இந்தக் கணக்குக்குள் வருகிறதா என்று பாருங்கள்

உங்களுக்குத் தந்த கடன் மட்டுமல்லாமல், நீங்கள் அங்கே வேலை பார்ப்பதை முன்னிட்டு உங்கள் குடும்பத்தினருக்கு நிறுவனம் தந்த கடனும் இதில் சேரும். விலக்குகள் இரண்டே. விதிகளில் பட்டியலிடப்பட்டுள்ள குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்காக வாங்கிய கடன் ஒன்று. ஆனால் அந்தச் செலவில் மருத்துவக் காப்பீட்டிலிருந்து திரும்பக் கிடைத்த பகுதிக்கு இந்த விலக்கு பொருந்தாது. எல்லாக் கடன்களும் சேர்ந்து 20,000 ரூபாயைத் தாண்டாமல் இருப்பது மற்றொன்று. இந்த 20,000 ரூபாயைக் கழிவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது கழிவு அல்ல, வரம்பு. கடன் 25,000 ரூபாய் என்றால் 5,000 ரூபாய்க்கு மட்டும் கணக்குப் போடக் கூடாது, 25,000 ரூபாய்க்கும் போட வேண்டும்.

இரண்டாம் படி: ஒப்பிட வேண்டிய வட்டி விகிதத்தை எடுங்கள்

அந்த நிதியாண்டின் முதல் நாளில், அதாவது 2025 ஏப்ரல் 1 அன்று, அதே நோக்கத்துக்கான கடனுக்குப் பாரத ஸ்டேட் வங்கி வசூலித்த வட்டி விகிதம்தான் அளவுகோல். கார் கடனுக்குக் கார் கடன் வட்டி, வீட்டுக் கடனுக்கு வீட்டுக் கடன் வட்டி. ஆண்டின் நடுவில் வங்கி வட்டியைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த விகிதம் மார்ச் 31 வரை மாறாது. ஆனால் அடுத்த ஏப்ரல் 1 அன்று புது விகிதம் வந்துவிடும். நீங்கள் கடன் வாங்கிய ஆண்டின் விகிதம் எத்தனையாக இருந்தாலும் கணக்கில் அதற்கு இடமில்லை. எல்லோருக்கும் ஒரே வங்கியின் விகிதத்தை வைத்து அளப்பது சரியல்ல என்று வங்கி ஊழியர் சங்கங்கள் தொடர்ந்த வழக்கில், ஒரே அளவுகோல் இருப்பது தகராறுகளைத் தவிர்க்கும் என்று கூறி உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் இந்த விதியை உறுதி செய்தது.

மூன்றாம் படி: ஒவ்வொரு மாதக் கடைசி நாளின் பாக்கியையும் எழுதுங்கள்

தவறுகள் அதிகம் நேர்வது இந்தப் படியில்தான் என்பதால் ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 2025 ஜூன் 10 அன்று ஒருவருக்கு அவர் நிறுவனம் 6,00,000 ரூபாய் கார் கடனை 3 சதவீத வட்டியில் தருகிறது. ஜூலை முதல் ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் சம்பளத்திலிருந்து அசலில் 10,000 ரூபாயும், அந்த மாதக் கடைசிப் பாக்கிக்கான வட்டியும் பிடிக்கப்படுகின்றன. ஜூன் மாதத்துக்கு வட்டி மட்டும் பிடிக்கப்படுகிறது. ஒப்பீட்டு விகிதத்தை 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான விகிதத்தை நீங்கள் வங்கியிடமிருந்து எடுக்க வேண்டும்.

ஜூன் 30 அன்று பாக்கி 6,00,000 ரூபாய். ஜூலை 31 அன்று 5,90,000, ஆகஸ்ட் 31 அன்று 5,80,000 என்று மாதாமாதம் பத்தாயிரம் குறைந்து, 2026 மார்ச் 31 அன்று 5,10,000 ரூபாயில் நிற்கிறது. இந்தப் பத்து மாதப் பாக்கிகளையும் கூட்டினால் 55,50,000 வரும்.

கடன் கைக்கு வந்தது ஜூன் 10 என்றாலும் ஜூன் முழு மாதமாகக் கணக்கில் வருவதைக் கவனியுங்கள். விதி பார்ப்பது மாதக் கடைசி நாளின் பாக்கியை மட்டுமே. எத்தனை நாள் பணம் கையில் இருந்தது என்பதை அல்ல. இது உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். கடனை மார்ச் 25 அன்று அடைத்து முடித்தால் மார்ச் மாதப் பாக்கி சுழியம். அதே பணத்தை ஏப்ரல் 2 அன்று கட்டினால் மார்ச் மாதம் முழுதாக ஏறிவிடும். தவணையை மாதக் கடைசியில் பிடிக்காமல் அடுத்த மாதம் முதல் தேதியில் பிடிக்கும் நிறுவனத்தில், இதே உதாரணத்தின் கூட்டுத்தொகை 56,40,000 ஆகும். ஒப்பீட்டு வட்டி 675 ரூபாய் கூடும்.

நான்காம் படி: வட்டியைக் கணக்கிட்டு, செலுத்தியதைக் கழியுங்கள்

```
55,50,000 × 9% ÷ 12 = 41,625
55,50,000 × 3% ÷ 12 = 13,875
41,625 − 13,875     = 27,750
```

முதல் வரி ஒப்பீட்டு வட்டி, இரண்டாவது அவர் செலுத்திய வட்டி, மூன்றாவது சம்பளத்தோடு சேரும் சலுகை மதிப்பு. அவர் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் இதற்கான வரி 5,550 ரூபாய். 4 சதவீத செஸ் சேர்த்தால் 5,772 ரூபாய். பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் இது சம்பளத்தோடு சேரும்.

கழிக்க வேண்டியது உண்மையில் செலுத்திய வட்டியை மட்டும்தான் என்று விதி சொல்கிறது. முதலில் அசலை முழுதாகப் பிடித்து, பிறகு வட்டியைப் பிடிக்கும் வழக்கம் அரசு முன்பணங்களிலும் வங்கி ஊழியர் கடன்களிலும் உண்டு. அப்படிப்பட்ட கடனில் வட்டி ஏறிக்கொண்டிருந்தாலும் அந்த ஆண்டில் செலுத்தியது எதுவும் இல்லை என்பதால், விதியின் சொற்களின்படி கழிக்க ஒன்றும் இருக்காது. இத்தகைய கடன் வாங்கியிருப்பவர்கள், தங்கள் அலுவலகம் ஏறிய வட்டியைக் கழிக்கிறதா, செலுத்திய வட்டியைக் கழிக்கிறதா என்று அவசியம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொகையில் பெரிய வேறுபாடு வருவது இங்கேதான்.

ஐந்தாம் படி: படிவம் 12பிஏவோடு ஒப்பிடுங்கள்

படிவம் 16 உடன் வரும் படிவம் 12பிஏவில், வட்டியில்லா அல்லது சலுகை வட்டிக் கடன் என்ற வரி ஐந்தாவதாக இருக்கும். நம் உதாரணத்தில் மதிப்பு என்ற கட்டத்தில் 41,625, பணியாளரிடம் வசூலித்த தொகை என்ற கட்டத்தில் 13,875, வரிக்குரிய தொகை என்ற கட்டத்தில் 27,750 இருக்க வேண்டும். மதிப்பு 54,000 என்று இருந்தால், மாதப் பாக்கிகளைப் பார்க்காமல் 6,00,000 ரூபாய்க்கு முழு ஆண்டு வட்டி போட்டிருக்கிறார்கள் என்று உடனே புரிந்துவிடும். வசூலித்த தொகையின் கட்டம் காலியாக இருந்தால், நீங்கள் கட்டிய வட்டியைக் கழிக்க மறந்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டுகளையும் கடன் கணக்கு அறிக்கையையும் இணைத்துச் சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள். படிவம் வரும்வரை காத்திருக்காமல், நிதியாண்டு முடியும் முன்பே சம்பளப் பிரிவின் கணக்கைக் கேட்டு வாங்கிப் பிப்ரவரிக்குள் எழுதினால் மார்ச் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ் தொகையிலேயே சரிசெய்துவிடலாம்; படிவம் வந்த பிறகு எழுதினால் நிறுவனம் தன் டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்து, படிவம் 16ஐ மீண்டும் வழங்க வேண்டியிருக்கும்.