டைரக்டா, இன்டைரக்டா? விரலால் பிரித்தறியுங்கள்

கொழும்பில் சேர்ஜிக்கல் வாட்டுக்குப் போகும் மருத்துவ மாணவர்களே, இன்குவைனல் ஹெர்னியா டைரக்டா இன்டைரக்டா என்று அறிய, அதை உள்ளே தள்ளியதும், இடுப்பெலும்பின் முன்மேல் முனைக்கும் பியூபிக் டியூபர்கிளுக்கும் சரிநடுவிலிருந்து 1.25 செ.மீ. மேலே விரலால் அழுத்திக்கொண்டு, நோயாளியை இருமச் சொல்லுங்கள். வீக்கம் வராவிட்டால் இன்டைரக்ட். விரலுக்கு உட்புறமாகப் புடைத்தால் டைரக்ட்.

விரலுக்கு அடியில் இருப்பது ஆழ் வளையம். இன்டைரக்ட் அதற்குள் நுழைந்து, விந்து நாணின் உறைகளுக்குள்ளேயே கால்வாய் நெடுக இறங்கும். டைரக்ட் அந்த வாசலுக்கே வராது; இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் நாடிக்கு உட்புறம் தளர்ந்துபோன பின்சுவரை நேரே தள்ளிக்கொண்டு வரும். நடுவை டியூபர்கிளுக்குப் பதில் சிம்பிசிஸ் வரை அளந்தால் விரல் உட்புறம் விலகி, விடை பிழைக்கும்.

இரண்டு வகையும் சேர்ந்திருந்தால் இது குழப்பும். ஒப்பரேஷனில் அந்த நாடியைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்லலாம். வலியோடு இறுகி, உள்ளே போகாத ஹெர்னியாவைத் தள்ளவே வேண்டாம். உடனே சேர்ஜனைக் கூப்பிடுங்கள்.