எழுத்து அட்டைப் பந்தயம்: பிள்ளை பிழை விடுமுன் பெரியவர்கள் விடும் பிழைகள்

தரம் 3 பிள்ளை சொல்வதெழுதலில் பின்தங்கிவிட்டால், எழுத்து அட்டைகளை மேசையில் கொட்டி, "யார் முதல் சொல்லைக் கட்டுறது, பாப்பம்" என்று பந்தயம் வைப்பவர்கள் உண்டு. நல்ல விளையாட்டுத்தான். ஆனால் அது பிழைத்துப் போவது பெரும்பாலும் பிள்ளை அட்டையைத் தொடுவதற்கு முன்பே. அட்டையில் எதை எழுதினோம், எத்தனை அட்டை வைத்தோம், எதற்கு வெற்றி கொடுத்தோம் என்பவற்றில்தான் சிக்கல் இருக்கிறது.

முதல் பிழை, 247 எழுத்தையும் வெட்டி வைப்பது. அத்தனை அட்டைக்குள் 'ட்' எங்கே கிடக்கிறது என்று தேடுவதில் பிள்ளையின் நேரம் போகிறது. கண் கூர்மையான பிள்ளை வெல்கிறது, எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளை தோற்கிறது. எட்டு வயதில் பின்தங்கிய பிள்ளைக்கு ஒரு தடவைக்குப் பத்து அட்டை போதும்.

பத்து அட்டையில் என்ன கட்டலாம்? பா, ப, ட, ட், ம், க, கூ, தோ என்று எட்டு அட்டையை எடுங்கள். பாடம், படம், பட்டம், கட்டம், கூட்டம், தோட்டம் என ஆறு சொல் வரும். இந்த வரிசையில் ஒவ்வொரு முறையும் ஓர் அட்டைதான் மாறுகிறது. பாடத்திலிருந்து படத்துக்குப் போக 'பா' போய் 'ப' வருகிறது. படத்திலிருந்து பட்டத்துக்கு நடுவில் 'ட்' நுழைகிறது. அதற்குப் பிறகு முதல் எழுத்து மட்டுமே மாறும். மிச்ச இரண்டு அட்டைகள் ஏமாற்று அட்டைகள்: 'கு'வும் 'தொ'வும். இவை இல்லாவிட்டால் நெடிலா குறிலா என்று பிள்ளை யோசிக்கவே தேவையில்லை. கையில் கிடைத்ததை வைத்துவிடும்.

ஒரு பிள்ளை 'பட்டம்' என்று கேட்டுவிட்டு ப, ட, ம் என்று மூன்று அட்டை வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே "பிழை" என்று சொல்லி 'ட்' அட்டையை நீங்களே நகர்த்தி வைத்தால், பிள்ளை அறிந்தது ஒன்றுமில்லை. அது வைத்ததையே வாசிக்கச் சொல்லுங்கள். 'படம்' என்று வரும். அப்புறம், "நான் சொன்னது கீறுற படமோ, பொங்கலுக்கு ஏத்துற பட்டமோ?" என்று கேளுங்கள். படத்தில் 'ட' மென்மையாக வரும். பட்டத்தில் நாக்கு மேலே ஒட்டிக் கொஞ்சம் தரித்துப் பிறகுதான் விடும். அந்தத் தரிப்புக்குத்தான் குற்று வைத்த அட்டை. இந்தப் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழைகள் இந்த இரண்டு வகை: ஒற்றெழுத்தை விழுங்குவது, குறில் நெடிலை மாற்றுவது. அதனால்தான் இந்த ஆறு சொற்கள்.

மெய்யெழுத்து அட்டையைச் சிவப்பிலும் மற்றவற்றைக் கறுப்பிலும் எழுதுவோரும் இருக்கிறார்கள். பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் நாலு தடவைக்குள் பிள்ளை "நடுவில் ஒரு சிவப்பு" என்று பிடித்துக்கொள்ளும், எழுத்தைப் பார்க்காது. கொப்பியில் எழுதும்போது சிவப்பு இல்லை, குற்றும் காணாமல் போய் 'படடம்' என்று வந்து நிற்கும். எல்லா அட்டையும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். குற்றை மட்டும் நன்றாகத் தெரியும்படி வையுங்கள்.

அடுத்தது, எழுத்தையே துண்டு துண்டாக வெட்டுவது. கொம்பு ஓர் அட்டை, 'த' ஓர் அட்டை, அரவு ஓர் அட்டை என்று வைத்து 'தோ'வைக் கட்டச் சொன்னால் பிள்ளை தடுமாறும். காதில் முதலில் விழுவது த. தாளில் முதலில் வருவது கொம்பு. அதாவது, 'த'வை எழுதத் தொடங்குமுன்பே அதற்குள் இருக்கும் 'ஓ'வைப் பிடித்திருக்க வேண்டும். பந்தய அவசரத்தில் எந்தப் பிள்ளையாலும் இது முடியாது. 'த'வை வைத்துவிட்டுக் கொம்பைப் பின்னால் தள்ளும். உகரத்தில் துண்டு வெட்டவே முடியாது: கு, சு, டு, து ஒவ்வொன்றிலும் வடிவம் வேறு. ஆகவே பந்தயத்தில் முழு எழுத்து அட்டைதான். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்பதை மணிக்கூடு இல்லாமல் தனியாக எழுதிப் பழக்குங்கள். பழைய ஓலைகளில் எகரமும் ஏகாரமும் ஒரே கொம்போடு கிடந்தன. இன்றைய வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். அந்தச் சின்னச் சுழியில் எட்டு வயதுப் பிள்ளை தடக்குவதில் ஆச்சரியமில்லை.

இனிப் பந்தயம். கெட்டிக்காரப் பிள்ளைக்கு எதிரே பின்தங்கிய பிள்ளையை இருத்தி "கெதியா, கெதியா" என்று கத்தினால், மூன்றாவது சொல்லிலேயே அது எதிர்ப்பக்கத்து அட்டையைப் பார்த்து வைக்கத் தொடங்கும். முதுகுக்கு முதுகு இருத்துங்கள், இருவருக்கும் ஒரே பத்து அட்டை கொடுங்கள். அதைவிட நல்லது, பிள்ளை தன் நேற்றைய எண்ணிக்கையோடு ஓடுவது: இரண்டு நிமிடத்துக்குள் எத்தனை சரியான சொல் என்று. ஒரு நிபந்தனை மட்டும் தளரக் கூடாது. அட்டை வைக்கும்போதே அந்த ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: ப, ட், ட, ம். வாய்க்கு முன்னால் கை போனால் அது ஊகம்; அந்தச் சொல் எண்ணிக்கையில் சேராது. வேகம் குறையும்தான், குறையட்டும்.

யாழ்ப்பாணத்தில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எங்கள் பேச்சில் பத்து, பற்று, பட்டு மூன்றும் காதுக்கு வேறு வேறாகக் கேட்கும். ஆகவே ற்ற சொற்களை, காற்று, வெற்றி போன்றவற்றை, பயமில்லாமல் பந்தயத்தில் போடலாம். ல, ள வேறுபாடும் பெரும்பாலும் காதுக்குப் பிடிபடும். ஆனால் ழ அப்படியல்ல. பழத்தை 'பளம்' என்றுதான் பலரும் சொல்கிறோம். நீங்கள் 'பளம்' என்று சொல்லி, பிள்ளை 'ள' அட்டையை வைத்தால் பிழை யாருடையது? வலி, வளி, வழி என்று மூன்றையும் ஒரே மேசையில் போடுவது பிள்ளையைக் குழப்புவதற்கான நேர்வழி. ழ சொற்களைத் தனியே ஒரு கிழமைக்கு வையுங்கள்: பழம், மழை, வாழை, கிழமை. அந்தக் கிழமை 'ள' அட்டை பெட்டிக்குள் இருக்கட்டும். ந, னவுக்குக் காது உதவாது, இடம் உதவும்: சொல்லின் தொடக்கத்திலும் 'த'வுக்கு முன்னும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. நாய், பந்து, மீன், கன்று என்ற நாலு சொல்லில் இது தெரிந்துவிடும்.

கடைசியாக, அட்டையோடு நிறுத்திவிடுவது. மேசையில் விடை கிடக்கிறது, பிள்ளை அதைத் தெரிவு செய்கிறது, அவ்வளவுதான். கொப்பியில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சொல்லும் கட்டி முடிந்ததும் அட்டைகளைக் கையால் மூடி, அதே சொல்லை எழுதச் சொல்லுங்கள். மேசையில் சரியாகக் கட்டி, தாளில் 'தொடம்' என்று எழுதினால் அந்தச் சொல் இன்னும் வரவில்லை. நாளைக்கும் அதே பத்து அட்டைதான். முழுவதும் 10 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அட்டையைப் பார்க்காமல் ஆறு சொல்லையும் அடுத்தடுத்த இரண்டு நாள் சரியாக எழுதினால், ட, ட், தோ மூன்றையும் எடுத்துவிட்டு க், தூ, ஏ போடுங்கள்; 'க' ஏற்கெனவே இருக்கிறது. பக்கம், பக்கத்திலிருந்து பாக்கம், அப்புறம் தூக்கம், ஏக்கம் என்று ஓடலாம்.